ஆளி விதையா, மீன் எண்ணெயா: ஒமேகா-3 முட்டைக்குக் கோழிக்கு எதைக் கொடுப்பது?

ராசிபுரம் பக்கம் என் சித்தி மகன் நானூறு முட்டைக் கோழி வைத்திருக்கிறான். சேலத்தில் சில வீடுகளுக்கும் இரண்டு கடைகளுக்கும் நேரடியாக முட்டை கொடுக்கிறான். போன மாதம் ஒரு கடைக்காரர் அவனிடம், "ஒமேகா-3 முட்டை போட்டுத் தர முடியுமா? முட்டைக்கு மூணு ரூபா கூடத் தர்றேன்" என்று கேட்டிருக்கிறார். உடனே எனக்குப் போன் வந்தது. "அண்ணா, ஆளி விதை போட்டா நெஜமாவே முட்டை மாறுமா? இல்ல மீன் எண்ணெய் போடணுமா? சும்மா பேரைச் சொல்லி விக்கிற வேலைன்னா எனக்கு வேண்டாம்."

கடைசி வாக்கியத்தை அவன் அழுத்திச் சொன்னான். அதனால் நானும் பொறுமையாக உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதல் கேள்விக்குப் பதில் எளிது. ஆம், மாறும். கோழி தின்னும் கொழுப்புக்கு ஏற்ப மஞ்சள் கருவின் கொழுப்பு மாறுகிறது என்பதில் இப்போது யாருக்கும் சந்தேகம் இல்லை. 1989-ல் ஆர்ட்டெமிஸ் சிமோபூலோஸ் என்பவரும் அவருடைய சக ஆய்வாளரும் கிரேக்க நாட்டில் மேய்ச்சலில் வளர்ந்த கோழிகளின் முட்டையை அமெரிக்கக் கடை முட்டையோடு ஒப்பிட்டார்கள். கடை முட்டையில் ஒமேகா-6 என்ற இன்னொரு வகைக் கொழுப்பு ஒமேகா-3-ஐப் போல ஏறத்தாழ இருபது மடங்கு இருந்தது. கிரேக்க முட்டையில் இரண்டும் கிட்டத்தட்டச் சம அளவு. அந்தக் கோழிகள் புழு பூச்சியோடு பருப்புக்கீரையையும் மேய்ந்தவை. நம் ஊரில் கோழிக்கீரை என்றும் இதைச் சொல்வார்கள். கீரைகளிலேயே ஒமேகா-3 கூடுதலாக உள்ளவற்றில் அது ஒன்று.

ஆனால் "மாறும்" என்பதோடு நின்றால் ஏமாந்துபோவோம். எந்த ஒமேகா-3 கூடுகிறது என்பதில்தான் ஆளிக்கும் மீன் எண்ணெய்க்கும் உள்ள முழு வித்தியாசமும் இருக்கிறது.

ஒமேகா-3 என்பது ஒரே பொருள் இல்லை, ஒரு கொழுப்புக் குடும்பத்தின் பெயர். நமக்கு வேண்டியது அதில் மூன்று உறுப்பினர்கள்தான். ஆளி விதை போன்ற செடிகளில் இருப்பது ஏ.எல்.ஏ. மீனில் இருப்பவை இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற இரண்டு. மூளையிலும் விழித்திரையிலும் சேர்ந்திருப்பது டி.எச்.ஏ. மனித உடம்பு ஏ.எல்.ஏ.-விலிருந்து டி.எச்.ஏ. செய்துகொள்ளும். ஆனால் மிக மிகக் கொஞ்சம்தான், அதிலும் ஆண்களுக்கு இன்னும் குறைவு. கோழி இந்த வேலையில் நம்மைவிடக் கெட்டி. அதன் ஈரல் முட்டைக்காகவே கொழுப்பைத் தயாரித்து அனுப்பும் தொழிற்சாலை. தின்ற ஏ.எல்.ஏ.-வில் ஒரு பங்கை அது டி.எச்.ஏ.-வாக மாற்றி மஞ்சள் கருவில் வைக்கிறது. ஒரு விதத்தில் நாம் சரியாகச் செய்ய முடியாத வேலையைக் கோழி நமக்காகச் செய்து தருகிறது. ஆளி முட்டைக்கு நியாயம் இருக்கிறது என்றால் அது இந்த இடத்தில்தான்.

அந்த வேலைக்கு ஓர் எல்லையும் உண்டு. 1995-ல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு அதை நன்றாகக் காட்டுகிறது. ஒரு கூட்டம் கோழிக்குச் சாதாரணத் தீவனம், இன்னொன்றுக்குப் பத்து சதவீதம் ஆளி விதை கலந்தது, மூன்றாவதுக்கு இருபது சதவீதம் கலந்தது. சாதாரண முட்டையில் ஏ.எல்.ஏ. 28 மில்லிகிராம், பத்து சதவீதத்தில் 261, இருபது சதவீதத்தில் 527. ஆளியை இரட்டிப்பாக்கினால் ஏ.எல்.ஏ.-வும் இரட்டிப்பாகிறது. டி.எச்.ஏ.-வைப் பாருங்கள். சாதாரண முட்டையில் 51, பத்து சதவீதத்தில் 81, இருபது சதவீதத்தில் 87. பத்து சதவீதத்துக்கு மேல் எவ்வளவு ஆளி போட்டாலும் டி.எச்.ஏ. கிட்டத்தட்ட அங்கேயே நின்றுவிடுகிறது. ஈரலின் மாற்றும் திறன் அவ்வளவுதான். அதற்கு மேல் வருவது ஏ.எல்.ஏ.-வாகவே மஞ்சள் கருவில் போய்ச் சேர்கிறது.

இதைப் புரிந்துகொண்டால் முட்டை அட்டைப்பெட்டியில் அச்சிடும் எண்ணை எப்படி வாசிப்பது என்பதும் புரியும். "ஒரு முட்டையில் ஒமேகா-3 350 மில்லிகிராம்" என்று எழுதியிருந்தால் அது பொய் இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஆளி முட்டை என்றால் அதில் 260-270 ஏ.எல்.ஏ.-வாகத்தான் இருக்கும். ஒரு டீஸ்பூன் ஆளித் தூளில், அதாவது இரண்டரை கிராமில், ஏ.எல்.ஏ. 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஏ.எல்.ஏ.-தான் வேண்டும் என்றால் தோசை மாவில் ஒரு ஸ்பூன் ஆளித் தூள் போட்டால் போதும், கோழி வழியாகச் சுற்றி வர வேண்டியதில்லை. முட்டைக்காகக் கூடுதல் காசு கொடுக்கிறோம் என்றால் அது டி.எச்.ஏ.-வுக்காக மட்டுமே இருக்க வேண்டும். இதை நான் தம்பியிடம் இரண்டு முறை சொன்னேன். மொத்த எண்ணைப் பார்க்காதே, டி.எச்.ஏ. எவ்வளவு என்று மட்டும் பார்.

இனி மீன் எண்ணெய். கடைகளில் கிடைக்கும் சாதாரண மீன் எண்ணெயில், பெரு நாட்டு நெத்திலி எண்ணெய் போன்றதில், இ.பி.ஏ. பதினெட்டு சதவீதமும் டி.எச்.ஏ. பன்னிரண்டு சதவீதமும் இருக்கும். ஒரு கோழி நாளைக்கு 110 கிராம் தீவனம் தின்கிறது. அதில் ஒன்றரை சதவீதம் மீன் எண்ணெய் என்றால் 1.65 கிராம். அதில் டி.எச்.ஏ. சுமார் 200 மில்லிகிராம், இ.பி.ஏ. சுமார் 300. இந்தக் கோழியின் முட்டையில் பொதுவாக 120 முதல் 150 மில்லிகிராம் டி.எச்.ஏ. வருகிறது. பெரிய முட்டையென்றால் இன்னும் கொஞ்சம் கூடும். இ.பி.ஏ. மட்டும் முட்டையில் தங்குவதே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் கொஞ்சமாகத்தான் தங்கும். தின்னும்போது இ.பி.ஏ. அதிகம், வெளியே வரும்போது டி.எச்.ஏ. அதிகம். ஈரல் இ.பி.ஏ.-வில் ஒரு பகுதியை மேலே இழுத்து டி.எச்.ஏ. ஆக்கிவிடுகிறது, மீதியை எரித்துவிடுகிறது.

ஆளியில் தின்ற ஏ.எல்.ஏ. எவ்வளவு? தீவனத்தில் பத்து சதவீதம் என்றால் பதினோரு கிராம் ஆளி, அதில் ஏறத்தாழ 2.4 கிராம். அத்தனையும் தின்று கோழி கூடுதலாகக் கொடுப்பது 30 அல்லது 40 மில்லிகிராம் டி.எச்.ஏ. மீன் எண்ணெயில் ஆயத்தமாக இருக்கும் 200 மில்லிகிராமிலிருந்து நூறு அளவுக்குக் கூடுகிறது. டி.எச்.ஏ. என்ற ஒரே அளவுகோலை வைத்தால் மீன் எண்ணெய் சந்தேகமில்லாமல் ஜெயிக்கிறது.

காசிலும் அப்படித்தான். விலை ஊருக்கு ஊர் மாறும். கணக்குக்காக ஆளி கிலோ நூறு ரூபாய், மீன் எண்ணெய் கிலோ 250, தீவனம் கிலோ 35 என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோழிக்கு நாளைக்கு ஆளி 1.10 ரூபாய். அதற்கு ஈடாக 38 பைசாத் தீவனம் மிச்சமாகிறது. நிகரச் செலவு எழுபது பைசாவுக்குச் சற்று மேல். நூறு கோழிக்குத் தொண்ணூறு முட்டை என்று பார்த்தால் முட்டைக்கு எண்பது பைசா. மீன் எண்ணெய்க்குக் கோழிக்கு 41 பைசா, முட்டைக்கு 46 பைசா. கூடுதலாகக் கிடைத்த டி.எச்.ஏ. ஆளியில் 40 மில்லிகிராம், மீன் எண்ணெயில் 100 என்று வகுத்தால் ஒரு மில்லிகிராமுக்கு ஆளியில் இரண்டு பைசா, மீன் எண்ணெயில் அரைப் பைசாவுக்கும் குறைவு. நான்கு மடங்குக்கு மேல் வித்தியாசம். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள், திசை மாறாது என்றுதான் நினைக்கிறேன்.

அப்படியானால் எல்லோரும் மீன் எண்ணெயே போட வேண்டியதுதானே? அங்கேதான் மூக்கு குறுக்கே வருகிறது.

மீன் எண்ணெய் தீவனத்தில் ஒன்றரை சதவீதத்தைத் தாண்டினால் முட்டையில் மீன் வாடை வரத் தொடங்குகிறது. டெக்சாஸில் நடந்த ஆய்வுகளில் மூன்று சதவீதம் போட்டபோது சுவைத்துப் பார்த்தவர்கள் அந்த வாடையைக் கண்டுபிடித்தார்கள். சிலருக்கு ஒன்றரையிலேயே தெரியும். முட்டையைப் பொரித்தால் மசாலாவில் மறைந்துவிடும். வேகவைத்த முட்டையை உரித்து, மஞ்சள் கரு சூடாக இருக்கும்போதே முகர்ந்து பார்த்தால் மறைக்க முடியாது. பத்து நாள் வைத்திருந்த முட்டையில் இன்னும் கூடுதலாக இருக்கும். நான் அவனுக்குச் சொன்ன சோதனையும் இதுதான். சாதாரண முட்டை இரண்டு, மீன் எண்ணெய் முட்டை இரண்டு வேகவைத்து, எது எது என்று சொல்லாமல் சித்தியிடம் கொடு, இதை மூன்று தடவை செய். அவர் மூன்று தடவையும் சரியாகக் கண்டுபிடித்தால் அளவைக் குறைத்துவிடு.

வாடை வருவதற்குக் காரணம் பெரும்பாலும் எண்ணெய் சிக்கடிப்பதுதான். இந்தக் கொழுப்புகள் காற்றும் வெப்பமும் பட்டால் மற்ற எண்ணெய்களைவிட வேகமாகக் கெடும். நம் ஊர் வெயிலில் தகரக் கூரைக்கு அடியில், பாதி காலியான டிரம்மில் வைத்திருந்த மீன் எண்ணெய் இரண்டு வாரத்தில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த எண்ணெயைக் கோழி தின்றால் வாடை மட்டும் இல்லை, கோழியின் வைட்டமின் ஈ-யும் கரையும். அதனால் மீன் எண்ணெய் போடுபவர்கள் தீவனத்தில் வைட்டமின் ஈ-யைத் தாராளமாகக் கூட்டுகிறார்கள், கிலோவுக்கு நூறு மில்லிகிராம் அல்லது அதற்கு மேல். ஆளிக்கும் இது வேண்டும்தான், ஆனால் விதை உறைக்குள் எண்ணெய் பத்திரமாக இருப்பதால் அவசரம் குறைவு.

கோழி இனத்தையும் பார்க்க வேண்டும். பழுப்பு ஓடு முட்டை இடும் சில இனங்களில் ஒரு மரபுக் குறை உண்டு. மீன் வாடை தரும் டிரைமீத்தைலமின் என்ற பொருளை அவற்றால் உடைத்து வெளியேற்ற முடிவதில்லை, அது முட்டையில் இறங்கிவிடுகிறது. கடுகு இனப் பிண்ணாக்கும் மீன் தூளும் தின்றால் இது வெளிப்படும். நாமக்கல் பண்ணைகளில் பெரும்பாலும் இருப்பவை வெள்ளை ஓடு முட்டை இடும் லெகார்ன் வழிக் கோழிகள் என்பதால் அந்த வகையில் நமக்குத் தொல்லை குறைவு. தம்பியிடமும் வெள்ளைதான். ஆனால் இது எண்ணெய் சிக்கடித்து வரும் வாடையிலிருந்து வேறானது. பழுப்புக் கோழி வைத்திருப்பவர் வாடை வந்தால் முதலில் எண்ணெயைக் குறை சொல்லிவிட்டுப் பிண்ணாக்கை மறந்துவிடக் கூடாது.

ஆளிக்கும் சொந்தத் தொல்லைகள் உண்டு. அது விதை என்பதால் சாதுவாகத் தோன்றும், அப்படி இல்லை. அதில் வழவழப்பான பிசின் இருக்கிறது. தண்ணீர் பட்டால் வெண்டைக்காய் போலக் கொழகொழக்கும். அதனால் எச்சம் ஈரமாகி ஒட்டும், ஓட்டில் கறை படியும், கூண்டுக்கு அடியில் ஈ பெருகும். வைட்டமின் பி6-ஐத் தடுக்கும் லினட்டின் என்ற பொருளும் உண்டு, சிறிது சயனைடு விடும் சேர்மங்களும் உண்டு. பத்து சதவீதம் வரை பெரும்பாலான மந்தைகள் சமாளிக்கின்றன. அதற்கு மேல் போனால் தீவனம் தின்பது குறைந்து, உடல் எடையும் மஞ்சள் கருவின் அளவும் குறைவது பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. நீண்ட நாள் ஆளி தின்ற கோழிகளின் ஈரலில் ரத்தக் கசிவு கூடியதையும் கனடாவில் கண்டிருக்கிறார்கள். மேலே சொன்ன டி.எச்.ஏ. கணக்கை நினைத்துக்கொண்டால் பத்தைத் தாண்டுவதற்குக் காரணமே இல்லை என்பது தெரியும். பத்தைத் தாண்டினால் ஏ.எல்.ஏ. எண்தான் பெரிதாகும், கோழிதான் அதற்கு விலை கொடுக்கும்.

இன்னொரு தவறு சிறு பண்ணைகளில் அடிக்கடி நடக்கிறது. மில்லில் வாங்கி வந்த முட்டைக் கோழித் தீவனத்தின் மேல் நூறு கிலோவுக்குப் பத்து கிலோ ஆளியைக் கொட்டிக் கிளறிவிடுகிறார்கள். தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து 3.8 சதவீதம் என்றால் இப்போது அது 3.45 ஆகிவிட்டது. இரண்டு வாரத்தில் ஓடு மெல்லியதாகி, ஒரு தட்டுக்கு இரண்டு மூன்று முட்டை விரிசல் விடும். அப்போது ஆளி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்வார்கள். ஆளி சேர்ப்பதென்றால் மில்காரரிடம் சொல்லி மக்காச்சோளம், சோயா, கிளிஞ்சல் எல்லாவற்றையும் திரும்பக் கணக்கிட்டுத்தான் சேர்க்க வேண்டும். முதல் இரண்டு வாரம் ஐந்து சதவீதம், அப்புறம் எட்டு, அப்புறம் பத்து என்று ஏற்றினால் எச்சம் எப்படி மாறுகிறது என்று பார்த்துக்கொண்டே போகலாம்.

ஆளியை முழு விதையாகப் போடுவதா, அரைத்தா? கோழியின் வயிற்றில் இரையை அரைக்கும் தசைப்பை இருக்கிறது, முழு விதையை அது நன்றாகவே நொறுக்கும். எச்சத்தில் முழு விதையாகக் கொஞ்சம் வெளியேறுவது உண்மைதான். ஆனால் அரைத்த ஆளி முழு விதையைவிடச் சீக்கிரம் கெடும். தினமும் அரைக்கும் வசதி இல்லாதவர்கள் முழு விதையோடு போவதே மேல் என்பது என் எண்ணம்.

இரண்டு பொருட்களை மட்டும் தொடவே வேண்டாம் என்று சொல்கிறேன். ஒன்று ஆளிப் பிண்ணாக்கு. எண்ணெய் எடுத்துவிட்ட பிறகு ஒமேகா-3 பெரும்பாலும் போய்விட்டது, பிசின் அப்படியே இருக்கிறது. மற்றது பெயின்ட் கடையில் விற்கும் லின்சீட் ஆயில், அதாவது ஆளி எண்ணெய். சீக்கிரம் உலர வேண்டும் என்று அதில் கோபால்ட், மாங்கனீஸ் போன்ற உலோக உப்புகளைச் சேர்க்கிறார்கள். பெயர் ஒன்றுதான், கோழி தின்னக் கூடாத பொருள்.

கடலில் மீனுக்கே டி.எச்.ஏ. கிடைப்பது நுண்பாசியிலிருந்துதான். அந்தப் பாசியைத் தொட்டியில் வளர்த்து உலர்த்திய தூளைக் கோழிக்குக் கொடுத்தாலும் மீன் எண்ணெய்க்கு இணையான டி.எச்.ஏ. முட்டையில் வருகிறது, மீன் சேர்மானம் இல்லாமல். விலைதான் அதிகம். நானூறு கோழிக்கு இப்போதைக்கு அது கட்டாது.

சரி, போட ஆரம்பித்தால் எத்தனை நாளில் முட்டை மாறும்? மஞ்சள் கரு ஒரு நாளில் உருவாவதில்லை. முட்டையாக வெளியே வருவதற்கு முந்தைய பத்து நாள் அளவில்தான் அது வேகமாகப் பெரிதாகிறது. தீவனம் மாற்றிய மூன்றாம் நாள் முட்டையில் பெரும்பகுதி பழைய கொழுப்புதான். இரண்டு வாரத்தில் பெரும்பாலும் மாறியிருக்கும், மூன்று வாரம் ஆனால் நிலைத்துவிடும். நிறுத்தினாலும் அதே வேகத்தில் பழைய நிலைக்குத் திரும்பும். ஆளி தீர்ந்துபோய் ஒரு மாதம் வாங்காமல் விட்டுவிட்டு அட்டைப்பெட்டியில் மட்டும் ஒமேகா-3 என்று தொடர்ந்தால் அது ஏமாற்று வேலை. தம்பி பயந்ததும் அதற்குத்தான்.

பார்த்து எப்படித் தெரிந்துகொள்வது? பார்த்துத் தெரியாது. மஞ்சள் கரு அடர் ஆரஞ்சாக இருந்தால் ஒமேகா-3 என்று பலர் நம்புகிறார்கள். அந்த நிறம் சாமந்திப் பூச் சாறிலிருந்தும் மிளகாய்ச் சாறிலிருந்தும் வருவது. ஆளியும் மீன் எண்ணெயும் நிறத்தை மாற்றுவதில்லை. ஆய்வகத்தில் கொழுப்பு அமிலங்களைப் பிரித்துப் பார்த்தால்தான் உண்டு. அங்கே ஒரே ஒரு முட்டையைக் கொடுக்காமல், வெவ்வேறு கூண்டுகளிலிருந்து பன்னிரண்டு முட்டையின் மஞ்சள் கருவைக் கலந்து கொடுப்பது நல்லது.

அறிக்கை வந்தால் அதில் மில்லிகிராம் இருக்காது, சதவீதம் இருக்கும். மாற்றுவது இப்படி. நம் ஊர் முட்டையில் மஞ்சள் கரு சுமார் 15 கிராம். அதில் கொழுப்பு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு, 4.5 கிராம் என்று வைக்கலாம். அதில் கொழுப்பு அமிலமாக இருப்பது சுமார் 3.7 கிராம். அறிக்கையில் டி.எச்.ஏ. 2 சதவீதம் என்றால் 3.7 கிராமில் இரண்டு சதவீதம், 74 மில்லிகிராம். ஆளி முட்டைக்கு இது பொருத்தமான எண். மீன் எண்ணெய் முட்டை என்று சொல்லி டி.எச்.ஏ. ஒன்றரை சதவீதம் வந்தால் எண்ணெய் சரியாகக் கலக்கவில்லை அல்லது எண்ணெயே சரியில்லை என்று பொருள். ஏ.எல்.ஏ. ஆறு சதவீதம் வந்தால் அது ஆளி முட்டை, யார் என்ன பெயர் சொன்னாலும்.

இதெல்லாம் சாப்பிடுபவருக்கு எவ்வளவு உதவும்? ஒரு நாளைக்கு இ.பி.ஏ.-வும் டி.எச்.ஏ.-வும் சேர்த்து 250 மில்லிகிராம் பெரியவர்களுக்குப் போதுமானது என்று ஐரோப்பாவின் உணவுப் பாதுகாப்பு அமைப்பு சொல்கிறது. சாதாரண முட்டை ஒன்றில் நம் ஊர் அளவுக்கு 30-40 வரும். ஆளி முட்டையில் 70-80. மீன் எண்ணெய் முட்டையில் 120-150. ஆக இரண்டு மீன் எண்ணெய் முட்டை அந்த அளவை எட்டிவிடும். ஆளி முட்டை என்றால் மூன்றுக்கு மேல் வேண்டும். நூறு கிராம் மத்தி மீனிலோ ஏறத்தாழ ஒரு கிராம் இருக்கிறது, அதாவது நான்கு நாள் அளவு. பருவத்துக்குப் பருவம் மத்தியின் எண்ணெய்ச் சத்து ஏறி இறங்கும், இருந்தாலும் முட்டையால் அதைத் தொட முடியாது.

குவெல்ஃப் ஆய்வில் அந்த முட்டைகளை இருபத்தெட்டு ஆண்களுக்கு நாளைக்கு நான்கு வீதம் இரண்டு வாரம் கொடுத்தார்கள். ஆளி முட்டை சாப்பிட்டவர்களின் ரத்தத் தட்டணுக்களில் ஒமேகா-3-யும் டி.எச்.ஏ.-வும் கூடின. ரத்தத்தின் மொத்தக் கொலஸ்ட்ராலும் நல்ல கொலஸ்ட்ராலும் டிரைகிளிசரைடும் குறிப்பிடும்படி மாறவில்லை. முட்டையில் உள்ள கொலஸ்ட்ராலும் இந்தத் தீவனங்களால் குறைவதில்லை. "கொலஸ்ட்ரால் இல்லாத ஒமேகா முட்டை" என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

ஆகவே யாருக்காக இந்த முட்டை என்பதிலிருந்துதான் முடிவு பிறக்கிறது. வாரம் இரண்டு நாள் மீன் சாப்பிடும் குடும்பத்துக்கு இந்த இரண்டு வகை முட்டையும் தேவையில்லை. மூன்று ரூபாய் கூடுதல் கொடுப்பதைவிட அந்தக் காசில் மத்தி வாங்கச் சொல்வேன். முட்டை சாப்பிடுவார்கள், மீன் தொடமாட்டார்கள் என்றால் ஆளி முட்டைதான் நேர்மையான தேர்வு. டி.எச்.ஏ. இரட்டிப்பாவதே அவர்களுக்குப் பெரிய லாபம், வேறு வழியில் அது எளிதில் கிடைக்காது. அவர்களுக்கு மீன் எண்ணெய் தின்ற கோழியின் முட்டையைச் சொல்லாமல் விற்பது சரியில்லை. முட்டையில் மீன் இல்லை என்று நாம் வாதாடலாம், ஆனால் அதைச் சாப்பிடலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர். மீனுக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் முள்ளுக்கோ வாடைக்கோ பயந்து சாப்பிடாத பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு மீன் எண்ணெய் முட்டை பொருந்தும்.

தம்பியின் வாடிக்கையாளர்கள் யார் என்று கேட்டேன். வீடுகளில் பாதிக்கு மேல் மீன் எடுக்காதவர்கள், கடைகளுக்கு வருபவர்கள் கலப்பு என்றான். "அப்போ ஆளி போதுமாண்ணா?" "போதும். ஆனா பெட்டியில மொத்த ஒமேகா-3-ன்னு மட்டும் போடாதே. டி.எச்.ஏ. 70-ன்னு தனியா போடு. கடைக்காரர் 350-ன்னு போடச் சொன்னா, அதுல எத்தனை எதுன்னு அவருக்கும் சொல்லு."

இப்போது அவன் நானூறில் நூறு கோழிக்கு மட்டும் ஐந்து சதவீதம் ஆளியில் தொடங்கியிருக்கிறான். நாளைக்கு அரை கிலோவுக்குச் சற்று மேல் முழு விதை. தீவனக் கணக்கை மில்லில் மாற்றி வாங்கிக்கொண்டான். நேற்று இரவு அனுப்பிய படத்தில் எச்சம் கொஞ்சம் ஈரம் கூடியிருந்தது, ஓட்டில் கறை இல்லை. எட்டு சதவீதத்துக்கு ஏற்றுவதற்கு இன்னும் ஒரு வாரம் பொறு என்று பதில் போட்டேன். பத்தை எட்டி மூன்று வாரம் ஆனதும் பன்னிரண்டு முட்டை ஆய்வகத்துக்குப் போகும். அதுவரை சேலத்துக்குப் போவது சாதாரண முட்டை, சாதாரண விலைக்கு.